வாடகைக்காரர் பெயரில் ஒரு மின் இணைப்பு

தமிழ்நாட்டு நகரங்களில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் வாடகையும் அட்வான்ஸும் கேட்ட பிறகு கேட்கும் அடுத்த கேள்வி, ‘கரண்ட் பில் எப்படி?’ என்பது. ‘சப் மீட்டர் இருக்கு, யூனிட்டுக்கு எட்டு ரூபாய்’ என்று பதில் வரும். சில இடங்களில் பத்து, பன்னிரண்டு என்றும் சொல்வார்கள். மின் வாரியம் முதல் நூறு யூனிட்டை இலவசமாகத் தருகிற மாநிலத்தில் எட்டு ரூபாய் எப்படி வந்தது என்று வாடகைக்காரர் மனதுக்குள் கொதிப்பார். எட்டு ரூபாய் வாங்கியும் கையைக் கடிக்கிறதே என்று வீட்டுக்காரர் புலம்புவார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும். இந்தச் சண்டைக்குக் காரணம் பேராசை என்று பொதுவாக எண்ணுகிறோம். பெரும்பாலும் காரணம் கட்டணத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆகவே இதைத் தீர்க்கும் வழி சப் மீட்டரின் விலையைப் பேரம் பேசுவதில் இல்லை. வாடகைக்காரர் தன் பெயரில் தனி இணைப்பு கேட்பதும், வீட்டுக்காரர் அதற்கு ஒப்புவதுமே வழி. அதைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. சட்டம் அதற்கு ஏற்கெனவே இடம் தந்திருக்கிறது. கணக்கும் வீட்டுக்காரர் பக்கம் சாதகமாகவே நிற்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. பயன்பாடு ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறுகிறது. 2022 செப்டம்பரில் வந்த விகிதத்தை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் விலைகள் சற்றே உயர்ந்தன என்றாலும் படிக்கட்டின் வடிவம் மாறவில்லை. ஓர் இணைப்பில் 500 யூனிட்டுக்குள் செலவானால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு தலா 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும்: 101-லிருந்தே 4.50, பிறகு 6, 501-க்கு மேல் 8, 601-க்கு மேல் 9 என்று போகும். இப்போது மாடியில் வீட்டுக்காரர் குடும்பம், கீழே வாடகைக் குடும்பம், இரண்டுக்கும் ஒரே இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் மாடியில் 400 யூனிட், கீழே 300 யூனிட். வாரியத்தின் மீட்டரில் ஓடியது 700. பில் தொகை 3,650 ரூபாய். இதே இரு குடும்பங்களுக்கும் தனித்தனி இணைப்பு இருந்திருந்தால் மாடிக்கு 1,125, கீழ்வீட்டுக்கு 675, ஆக மொத்தம் 1,800 ரூபாய்தான். ஒரே மின்சாரம், ஒரே மின்விசிறிகள், ஒரே பிரிட்ஜ்கள். ஒரு கம்பியில் சேர்ந்திருப்பதால் மட்டும் 1,850 ரூபாய் கூடுதலாகப் போகிறது. ஆண்டுக்கு ஆறு பில். 11,100 ரூபாய்.

இந்தக் கூடுதல் தொகை யாருடைய பைக்கும் போகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. வாடகைக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம் 2,400 ரூபாய் தருகிறார் என்று வைப்போம். மீதி 1,250-ஐ வீட்டுக்காரர் தன் கையிலிருந்து போடுகிறார். கீழ்வீடு பூட்டிக் கிடந்திருந்தால் அவருக்கு வந்திருக்கக்கூடிய பில் 1,125. அதாவது, எட்டு ரூபாய் வாங்கியும் அவருக்கு 125 ரூபாய் நஷ்டம். கீழ்வீட்டால் அவருடைய பில்லில் ஏறிய தொகை 2,525. அதை 300-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 8.42 ரூபாய் வருகிறது. வீட்டுக்காரர் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டிருக்க மாட்டார். ஆனால் ஆளில்லாத மாதத்துக்கும் ஆளிருக்கும் மாதத்துக்கும் பில்லில் வரும் வித்தியாசம் அவருக்கு நன்றாகத் தெரியும். வாடகைக்காரருக்கோ தனி இணைப்பிருந்தால் சராசரியாக யூனிட்டுக்கு 2.25 ரூபாய்தான் ஆகியிருக்கும். 2.25-ஐ மனதில் வைத்திருப்பவரும் 8.42-ஐக் கையில் உணர்கிறவரும் எட்டு ரூபாயில் சந்திக்கிறார்கள். ஒருவரை ஒருவர் கொள்ளைக்காரர் என்றும் நன்றிகெட்டவர் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள்.

சப் மீட்டர் இதைச் சரிசெய்யாதா என்று கேட்கலாம். சப் மீட்டர் யூனிட்டைச் சரியாகவே எண்ணக்கூடும். ஆனால் படிக்கட்டுக் கட்டணத்தைப் பங்கு பிரிக்க அதனால் முடியாது. இலவச நூறு யூனிட் யாருடையது? 601-வது யூனிட்டை எரித்தவர் யார்? நேர்மையான இருவர் உட்கார்ந்து பேசினாலும் இதற்கு ஒரே ஒரு நியாயமான விடை கிடையாது. மொத்த பில்லை யூனிட் விகிதப்படி பிரித்தால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 5.21 ரூபாய் ஆகும்; அப்போது கீழ்வீடு தரவேண்டியது 1,564 ரூபாய். வாடகைக்காரருக்கு அது 675-ஐவிட இரு மடங்குக்கும் மேல். வீட்டுக்காரர் பங்கோ 1,125-லிருந்து 2,086-ஆக ஏறிவிடுகிறது. எப்படிப் பிரித்தாலும் யாராவது ஒருவர் தோற்க வேண்டும், ஏனென்றால் பிரிக்கப்படுவதே வீணான ஒரு சுமை. அதைப் பிரிப்பதற்கு மாறாக ஒழிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, இடத்தின் உரிமையாளரோ அதில் குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் மின்சாரம் தரவேண்டியது விநியோக நிறுவனத்தின் கடமை என்கிறது. காரணமின்றித் தாமதித்தால் நாள் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் அதே பிரிவில் இடமுண்டு. உரிமையாளருக்குச் சமமாகக் குடியிருப்பவரும் அந்தப் பிரிவில் நிற்கிறார். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2004 விநியோக விதித்தொகுப்பு இதை இன்னும் தெளிவாக்குகிறது. அதன் 27-ஆம் விதிப்படி, இடத்துக்கு உரிமையாளர் அல்லாதவர் இணைப்பு கேட்டால் உரிமையாளரின் சம்மதக் கடிதத்தைப் படிவம் 5-இல் தரவேண்டும். உரிமையாளர் ஊரில் இல்லை, அல்லது சம்மதம் தர மறுக்கிறார் என்றால், தான் சட்டப்படி குடியிருப்பதற்கான ஆதாரத்தைக் காட்டி, பின்னால் தகராறு எழுந்து வாரியத்துக்கு நஷ்டம் வந்தால் தானே ஈடுகட்டுவதாகப் படிவம் 6-இல் உறுதிப்பத்திரம் எழுதி, காப்புத்தொகையை இரு மடங்காகக் கட்டினால் இணைப்பு பெறலாம். இந்த இரண்டாவது வழி பல வாடகைக்காரர்களுக்குத் தெரியாது. சில பிரிவு அலுவலகங்களில் ‘ஓனர் கையெழுத்து இல்லாம முடியாது’ என்று சொல்லி அனுப்பிவிடுவதும் இதனால் எளிதாகிவிடுகிறது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், திலீப் எதிர் சதீஷ் என்ற குற்றவியல் மேல்முறையீட்டில், மின்சாரம் அடிப்படை வசதி என்றும், வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைக்காரருக்கு அதை மறுக்க முடியாது என்றும் கூறியது. விண்ணப்பிப்பவர் அந்த இடத்தில் குடியிருக்கிறாரா என்பதைத்தான் மின் நிறுவனம் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆனாலும் படிவம் 6-ஐ முதலில் கையிலெடுப்பது நல்ல யோசனை என்று நான் கருதவில்லை. ஒரே மீட்டர் பெட்டி, ஒரே மெயின், ஒரே கூரை என்று இருக்கும் இடத்தில் வீட்டுக்காரரை மீறி வாங்கும் இணைப்பு, வாடகை ஒப்பந்தம் முடியும் நாளை முன்கூட்டியே குறித்துவிடும். அந்தப் படிவம் இருக்கிறது என்ற அறிவு பேச்சுவார்த்தையில் வாடகைக்காரருக்குத் தைரியம் தரட்டும்; நோக்கம் படிவம் 5-ஆக இருக்கட்டும். அதற்கு வீட்டுக்காரரின் தயக்கங்களை மரியாதையோடு கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். அவற்றில் சில வெறும் பயங்கள், சில உண்மையானவை.

மிகப் பெரிய பயம் பெயரைப் பற்றியது. ‘ஈபி கார்டில் பேர் ஏறிட்டா நாளைக்கு வீடு என்னோடதுன்னு சொல்வான்’ என்பது ஊரெங்கும் கேட்கும் பேச்சு. இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது: மின் அட்டை ஒருவர் அந்த இடத்தில் குடியிருந்ததற்குச் சான்றாகும். ஆனால் குடியிருந்தார் என்பதை வாடகை ஒப்பந்தமே சொல்கிறது. அட்டை அதற்கு மேல் எதையும் சேர்ப்பதில்லை. உரிமைக்கு அது சான்றே ஆகாது. வாடகைக்காரராக வீட்டுக்குள் வந்த ஒருவர், குடியிருக்கும் வரை, வாடகை தொடங்கிய நாளில் வீட்டுக்காரருக்கு இருந்த உரிமையை மறுத்துப் பேச முடியாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு. புதிய பாரதிய சாட்சிய அதினியத்தில் அது 122-ஆம் பிரிவாக அப்படியே தொடர்கிறது. படிவம் 5-இலும் வீட்டுக்காரர் ‘உரிமையாளர்’ என்றே கையெழுத்திடுகிறார், வாடகைக்காரர் குடியிருப்பவராகவே விண்ணப்பிக்கிறார். அதாவது அந்தப் படிவம் வீட்டுக்காரரின் உரிமையை ஓர் அரசு நிறுவனத்தின் கோப்பில் வாடகைக்காரரே ஒப்புக்கொண்டு பதிவுசெய்வதாகும். 2022 இறுதியில் மின் இணைப்போடு ஆதார் எண்ணை இணைக்கச் சொன்னபோதும் இதே பயம் எழுந்தது. அப்போது இணையப் பக்கத்திலேயே உரிமையாளரா, வாடகைதாரரா என்று தேர்வுசெய்ய இடம் வைத்தார்கள். வாடகைக்காரர் என்ற நிலை வாரியத்துக்குப் புதிதல்ல.

இரண்டாவது தயக்கம் பாக்கி பற்றியது. இதை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. வாடகைக்காரர் பில் கட்டாமல் ஓடிவிட்டால், அந்தப் பாக்கி தீராமல் அதே இடத்துக்குப் புதிய இணைப்பு தர வாரியம் மறுக்கலாம். கே.சி. நினான் வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம், முந்தையவரின் மின் பாக்கி தானாகவே சொத்தின் மீது ஏறும் சுமை ஆகாது என்றாலும், விதிகள் இடம் தந்தால் புதிய விண்ணப்பதாரரிடம் அதைக் கேட்கலாம் என்று கூறியிருக்கிறது. ஆகவே வீட்டுக்காரர் கவலைப்படுவதில் அர்த்தமுண்டு. ஆனால் தொகையின் அளவைப் பார்க்க வேண்டும். ரீடிங் எடுத்த 20 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் வாரியம் இணைப்பைத் துண்டிக்கும் நிலைக்கு வருகிறது. எனவே, பாக்கி பெரும்பாலும் ஒரு பில்லும் அடுத்த பில்லின் ஒரு பகுதியுமாக நின்றுவிடும். மேலே சொன்ன குடும்பத்துக்கு அது ஆயிரம் ரூபாய்ச் சொச்சம். வாரியத்திடம் காப்புத்தொகை இருக்கிறது. வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் இருக்கிறது. இணைப்பு எண் கையிலிருந்தால் பில் கட்டப்பட்டதா என்று யாரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். இதோடு இப்போதைய நிலையை ஒப்பிட வேண்டும்: ஒரே இணைப்பில் வாடகைக்காரர் பணம் தராவிட்டால் மொத்தப் பில்லையும் வீட்டுக்காரரே கட்டியாக வேண்டும், இல்லையென்றால் அவர் வீட்டு விளக்குதான் முதலில் அணையும். கோபத்தில் கீழ்வீட்டின் பியூஸைப் பிடுங்கவும் அவரால் முடியாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, மின்சாரம் உள்ளிட்ட அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்துவதைத் தடைசெய்கிறது. வாடகைக்காரர் பெயரில் தனி இணைப்பு இருந்தால், கட்டாதவரின் மின்சாரத்தை நிறுத்தும் வேலை வாரியத்துடையது.

அப்படியானால் வீட்டுக்காரர் தன் பெயரிலேயே இரண்டாவது மீட்டர் வாங்கி, பில்லை வாடகைக்காரரைக் கட்டச் சொன்னால் போதாதா? பலர் அப்படித்தான் செய்கிறார்கள், பணக்கணக்கு அதிலும் சரியாகிவிடும். ஆனால் இங்கே அரசின் பக்கத்திலிருந்து ஒரு நியாயமான ஆட்சேபம் இருக்கிறது. ஒரே குடும்பம் ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று இணைப்பு வாங்கி, ஒவ்வொன்றிலும் நூறு யூனிட் இலவசம் பெறுவது மானியத்தைத் திசைதிருப்புவதுதான். அத்தகைய இணைப்புகளை ஒன்றாக்க மின் வாரியம் முயல்வதும் சரியே. ஒரே பெயரில், ஒரே கதவு எண்ணில் இரண்டு இணைப்பு இருந்தால் ஆய்வுக்கு வருபவர் சந்தேகப்படத்தான் செய்வார். வாடகைக்காரர் பெயரில் உள்ள இணைப்பு, எழுத்துப்பூர்வமான வாடகை ஒப்பந்தத்தோடு சேர்ந்து, அங்கே உண்மையிலேயே வேறொரு குடும்பம் வாழ்கிறது என்பதைக் காட்டும். மானியம் ஒரு குடும்பத்துக்கு என்றால் வாடகைக் குடும்பமும் குடும்பம்தான். வரி கட்டும் அதே மக்களில் சொந்த வீடு இல்லாதவர்களுக்கு மட்டும் இலவச யூனிட் எட்டாமல் போவது எந்த நியாயத்திலும் சேராது. இன்னொன்று, பெயர் யாருடையதோ அவருக்குத்தான் துண்டிப்பு அறிவிப்பு வரும், மீட்டர் பழுதென்று மனுக் கொடுக்கவும் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகவும் அவருக்கே எளிது. காப்புத்தொகையும் அதன் வட்டியும் அவர் கணக்கில்தான் நிற்கும்.

தனி இணைப்பு எல்லா வீட்டுக்கும் கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அதே 27-ஆம் விதி, ஒரே கதவு எண்ணுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்பு வேண்டுமென்றால் பகுதிகள் நிரந்தரமாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள போர்ஷனுக்குச் சிக்கல் இல்லை. நடுவில் திரை போட்டுப் பிரித்த அறைக்கு இணைப்பு வராது. மொட்டைமாடியில் அனுமதி வாங்காமல் கட்டிய வீடு என்றால் கட்டட நிறைவுச் சான்று, சொத்துவரி ரசீது என்று கேள்விகள் எழலாம். வீட்டுக்காரர் காரணம் சொல்லாமல் மறுத்துக்கொண்டே இருந்தால் உண்மைக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்; சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட அவருக்கு மனமிருந்தாலும் கோப்பு நகராது. பயன்பாடு மிகக் குறைவாக இருந்தாலும் அலைச்சல் வீண். வீட்டுக்காரர் 150, வாடகைக்காரர் 100 யூனிட் என்றால் சேர்ந்த பில் 450 ரூபாய், பிரிந்தால் 112.50, மிச்சம் இரண்டு மாதத்துக்கு 337.50 ரூபாய்தான். பதினொரு மாத ஒப்பந்தத்தில் வந்து போகிறவருக்கு இணைப்புச் செலவே தேறாது. இரு வீடும் சேர்ந்து 500-ஐத் தாண்டும்போதுதான் வித்தியாசம் பெரிதாகிறது. ஏசி வந்த பிறகு அந்த எல்லையைத் தாண்டாத வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன.

இணைப்பு கிடைத்துவிட்டாலும் வேலை முழுதாக முடிந்துவிடாது. பழைய வீட்டில் ஒரு வயரிங்கை இரண்டாக்கும்போது எலக்ட்ரீஷியன்கள் பேஸ் வயரைப் பிரித்துவிட்டு நியூட்ரலைப் பொதுவாக விட்டுவிடுவதுண்டு. இது பார்வைக்குத் தெரியாது. கீழ்வீட்டு மீட்டர் வழியே போன மின்னோட்டம் மாடி மீட்டரின் நியூட்ரலில் திரும்பினால், போனதும் வந்ததும் பொருந்தாமல், கசிவு இருப்பதாக எண்ணி ஈஎல்சிபி அடிக்கடி விழும். மீட்டரில் கசிவைக் காட்டும் சிறு சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். சோதித்துப் பார்ப்பது எளிது. தன் வீட்டு மெயினை அணைத்துவிட்டு மீட்டர் பெட்டிமுன் சில நிமிடம் நிற்க வேண்டும். யூனிட்டை எண்ணும் விளக்கு சிமிட்டினால் வேறு யாருடைய சாதனமோ இந்த மீட்டரில் ஓடுகிறது. மாடியில் ஏதாவது அணைந்தால் அதுவும் அதே கதை. பெரும்பாலும் பிடிபடுவது தண்ணீர் மோட்டார், இல்லையென்றால் மாடிப்படி விளக்கு. மோட்டார் எந்த மீட்டரில் ஓடும், அதற்கு யார் எவ்வளவு தருவது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியில் எழுதிவிட்டால் பிறகு பேச்சே எழாது. வயரிங்கும் மீட்டர் பலகையும் வீட்டோடு நிற்கப்போகிறவை, ஆகவே அவற்றின் செலவு வீட்டுக்காரருடையதாக இருப்பதே முறை. காப்புத்தொகையை வாடகைக்காரர் கட்ட வேண்டும். வாரியத்துக்குக் கட்டும், திரும்பி வராத இணைப்புக் கட்டணத்தை இருவரும் பாதியாகப் போட்டுக்கொண்டாலும் நமது எடுத்துக்காட்டுக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 11,100 ரூபாய் மிச்சமாவதில் அது விரைவில் அடைந்துவிடும்.

காலி செய்யும்போது என்ன ஆகும் என்பதுதான் உண்மையில் எல்லோரும் எழுத மறக்கும் இடம். வாடகைக்காரர் போய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அவர் பெயரிலேயே பில் வரும் வீடுகள் உண்டு. காப்புத்தொகை யாருக்கு என்று தெரியாமல் கிடக்கும், பெயர் மாற்றக் கையெழுத்து வாங்க ஆளைத் தேட வேண்டியிருக்கும். சாவி ஒப்படைக்கும் நாளில் கடைசி ரீடிங் வரை பணம் கட்டி, வீட்டுக்காரர் பெயருக்கோ அடுத்து வருபவர் பெயருக்கோ மாற்றும் விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட பிறகே அட்வான்ஸ் திரும்பும் என்று முதலிலேயே எழுதிக்கொண்டால் இருவருக்கும் பாதுகாப்பு. வீட்டுக்காரரின் ஆட்சேபங்களில் மிச்சமிருக்கும் நியாயமும் இந்த ஒரு வரியோடு தீர்ந்துவிடும்.

இதையெல்லாம் குடிபோன பிறகு பேசுவது கடினம். பில் சண்டை ஒருமுறை வந்துவிட்டால் தனி மீட்டர் என்ற சொல்லே குற்றச்சாட்டாகக் கேட்கும். எனவே வாடகைக்கு வீடு பார்ப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது: அட்வான்ஸ் கொடுக்கும் முன், வீட்டுக்காரரின் பழைய மின் பில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதன் பக்கத்தில் உங்கள் பயன்பாட்டை எழுதி, சேர்ந்தால் எவ்வளவு, பிரிந்தால் எவ்வளவு என்று இரண்டு வரிக் கணக்குப் போட்டு, ‘சார், இதுல உங்களுக்கும் மிச்சம்’ என்று அவர் கையில் கொடுங்கள். பிறகு படிவம் 5-ஐ நீட்டுங்கள்.